கோல்டுக்கு வைத்த பொட்டு

இருட்டறையில் இருந்தவர்கள்: இலத்தூரிலிருந்து வந்து எங்களிடம் ஆராய்ச்சி செய்த பெண். ஆபீஸ் கிளார்க், முந்தின நாள் கட்டிய பட்டு வேட்டியோடு. கிளார்க்கின் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையின் தாய்மாமன், போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், தோளில் ஈரத்துண்டு. நான். வென்டிலேட்டருக்கு வெளியே ஒரு குரங்கும் இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இருட்டறை என்பது பழைய குளியலறை. ஒருவர் குளிக்கக் கட்டியது. நாலு பேர் நின்றோம். சிவப்பு விளக்கு. மூன்று தொட்டியில் மருந்துத் தண்ணீர். பெண்ணின் கையில் ஒரு எக்ஸ்ரே பிலிம். அதில் என்ன விழுந்திருக்கிறதோ அதை வைத்துத்தான் அவள் டாக்டர் பட்டம் வாங்குவதா, இலத்தூருக்குத் திரும்புவதா என்று இருந்தது.

இத்தனை பேர் அங்கே வந்ததற்குக் காரணம் ஒரு பொட்டு.

எண்பதுகளின் கடைசி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் நெல் ஆராய்ச்சி செய்கிற சின்ன நிலையம். நான் அங்கே கண்ணாடி கழுவுகிறவள். ஐந்தாவது வரை படித்தேன். கழுவுகிற பாத்திரம் எதற்கு என்று கேட்டுக்கொள்வேன். கேட்டால் அந்தப் பெண் சொல்லுவாள். சிலர் சொல்ல மாட்டார்கள்.

அவள் செய்தது இது. நெல் நாற்றின் இலையை அரைத்து, அதன் உள்ளே இருந்து ஒரு சாறு எடுப்பாள். அதில் புரதம் இருக்கும். அந்தப் புரதம் டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது என்பது அவள் கட்சி. கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அந்த இடத்தின் சின்னத் துண்டு ஒன்றுக்குக் கதிர் வீசுகிற பாஸ்பரஸைக் கோத்துவிடுவாள். அது எங்கே இருந்தாலும் பிலிமில் கறுப்பாக விழும். துண்டையும் சாற்றையும் கலந்து, ஜெல்லில் ஊற்றி, கரண்டு கொடுப்பாள். ஜெல் என்றால் கண்ணாடித் தட்டு இரண்டுக்கு நடுவே மெல்லிசாக உறைந்த கூழ். துண்டு தனியாக இருந்தால் விறுவிறுவென்று கீழே ஓடிவிடும். புரதம் பிடித்திருந்தால் பாரம் தாங்காமல் மேலேயே நின்றுவிடும். மேலே கறுப்புப் பட்டை விழுந்தால் பிடித்திருக்கிறது.

அதை அவள் ஒரு வருஷம் முன்னாலேயே காட்டிவிட்டாள். மதுரையில் இருந்த பரீட்சைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. சில புரதம் எந்த டிஎன்ஏவைக் கண்டாலும் ஒட்டும், இது இந்த இடத்தை மட்டும்தான் பிடிக்கிறது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். செவ்வாய்க்கிழமைக்குள் அந்தச் சாட்சியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். கதிர் வீசுகிற துண்டுக்கு ஹாட் என்று பெயர். கதிர் இல்லாத துண்டுக்குக் கோல்டு என்று பெயர். ஹாட் என்றால் சூடு கிடையாது, அதுவும் ஐஸ் பெட்டியில்தான் இருக்கும். கோல்டு என்றால் குளிரும் கிடையாது. பெயர் அப்படி. எனக்கு இது புரிய ஒரு மாதம் ஆயிற்று. கிளார்க்குக்கு ஒரு வருஷமாகியும் ஆகவில்லை. அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருந்தது.

பெண் போனில் பேசுவாள். "கோல்டு ரெண்டு டியூப் வெளிநாட்டுல இருந்து வந்தாச்சு சார். பவுனைவிட வெல சாஸ்தி. நூறு மடங்கு கோல்டு போடப் போறேன். பத்திரமா ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன்." போன் இருப்பது கிளார்க்கின் மேசையில்.

வேறொரு ஆபீசில் ஒரு பிளாட்டினக் கிண்ணம் காணாமல் போய், கிளார்க்கின் சம்பளத்தில் பிடித்தார்களாம். எங்கள் கிளார்க் அதை வாரம் ஒரு தடவை சொல்லுவார். அப்படிப்பட்டவர் தங்கத்தைத் தயிர்ச்சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் விட்டு வைப்பாரா? வெள்ளிக்கிழமை சாயங்காலம், தங்கை கல்யாணத்துக்கு ராயகிரிக்குப் புறப்படும் முன்னால், இரண்டு டியூபையும் எடுத்து ஆபீஸ் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். தயிர்ச்சோற்று டப்பா என்னுடையது. அது அங்கேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண் வேலையைத் தொடங்கினாள். சாறு கடைசி ஒரு டியூப்தான் பாக்கி. அதை ஐஸில் வைத்து உருக விட்டாள். ஒருமுறை உருகினால் மறுபடி உறைய வைக்கக் கூடாது, புரதத்தின் வலு போய்விடும். உருகின பிறகு கோல்டை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"அக்கா! கோல்டக் காணும்!"

வாட்ச்மேன் வெளியே இருந்து சொன்னார். "கிளார்க் சார்தான் பீரோவுல வச்சிப் பூட்டினாரு. பத்திரமாப் பாத்துக்கன்னாரு."

"பீரோவுலயா? எதுக்கு?"

"தங்கத்த வேற எங்கன வைப்பாங்க?"

பெண் ஐஸில் உருகிக் கிடந்த சாற்றைப் பார்த்தாள். பிறகு, "ஒடச்சிருவோமா அக்கா?" என்றாள். கவர்மெண்டு பீரோ. வாட்ச்மேன் பீரோ முன்னால் போய் நின்றுகொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

ராயகிரி மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கிளார்க் சாம்பார் வாளியோடு வரிசையில் வந்தார். அவர் எதிரில் போய் நின்றேன்.

"சார், கோல்டு வேணும். சாவியத் தாங்க."

மெதுவாகத்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மேளம் நின்றுவிட்டது.

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் இலையை விட்டுத் தலையைத் தூக்கினார்கள். கிளார்க்கின் பெண்டாட்டி அப்பளத் தட்டோடு நின்றாள். அவள் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"யாருட்டி இவ? பந்தியில வந்து கோல்டு கேக்கா?" என்றாள் ஒரு பெரியம்மா.

"எங்க ஆபீஸ்ல கண்ணாடி கழுவுத அக்கா," என்றார் கிளார்க்.

"கண்ணாடி கழுவுதவளுக்கு நீரு எதுக்குவே கோல்டு குடுக்கணும்?" இது இலையில் இருந்த ஒரு பெரியவர். மீசை நரைத்தவர். மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"மாமா, அது எங்க கோல்டு இல்ல. கவர்மெண்டு கோல்டு."

நல்லது சொல்லுவதாக நினைத்துத்தான் சொன்னார். தாய்மாமன் இலையை மூடினார். பாயசம் வருவதற்கு முன்னால் மூடினார்.

"கவர்மெண்டு கோல்டு. சாவி ஒம்ம இடுப்புல. சம்மந்தம் பண்ணி ரெண்டு மணி நேரம் ஆகல. நான் முப்பது வருசம் போலீசுல இருந்தவன் தெரியுமாவே?"

"தங்கம் இல்லீங்க அண்ணாச்சி," என்றேன். "டிஎன்ஏ."

"அது கழுத்துக்கா காதுக்கா?" என்றாள் பெரியம்மா.

 பேசினால் கூடிக்கொண்டே போனது. கிளார்க்கிடம் சாவியைக் கேட்டேன். அவர் வேட்டி மடிப்புக்குள் கையை விட்டார். தாய்மாமன் அவர் கையைப் பிடித்தார். "சாவி தனியா வராது. நீரும் வாரும். நானும் வாரேன். கண்ணால பாத்துட்டுத்தான் மறுவீட்டுக்கு ஆள் அனுப்புவோம்."

வெளியே ஒரே வண்டிதான் நின்றது. மாப்பிள்ளையைக் கூட்டிவந்த அம்பாசிடர், முன்னால் பூமாலை, பின்னால் வாழ்த்து அட்டை. அதில் ஏறினோம். கிளார்க்கின் கையில் கரண்டி இருந்தது. புளியங்குடி தாண்டித்தான் அதைப் பார்த்தார்.

நிலையத்து வாசலில் வண்டி நின்றதும் பெண் ஓடிவந்தாள். மாலையைப் பார்த்தாள், எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

"யாருக்கு அக்கா கல்யாணம்?"

"முடிஞ்சிட்டு. சாவி வந்திருக்கு," என்றேன்.

பீரோவைத் திறந்தார்கள். சுண்டுவிரல் நுனி அளவு இரண்டு பிளாஸ்டிக் டியூப். உள்ளே அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

தாய்மாமன் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதாவே தங்கம்?"

"உருக்கி வச்சிருப்பாங்க மாமா."

"கோல்டு சார், கோல்டு!" என்றாள் பெண். "குளிர்! ஜலதோசத்துக்குச் சொல்லுவோம்லா, அந்தக் கோல்டு!"

தாய்மாமன் டியூபைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "குளிரவும் இல்லியே தாயி."

 அவள் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு டியூபின் மூடியிலும் அவள் பேனாவால் எழுதின எழுத்து இல்லை. சந்தனம் இருந்தது. சந்தனத்தின் நடுவே குங்குமம்.

"என்ன சார் இது?"

"வெள்ளிக்கெழமையாச்சே," என்றார் கிளார்க். "வெள்ளிக்கெழம தங்கத்தப் பீரோவுல வச்சா சும்மாவா வைப்பாங்க? மேல என்னமோ மசி இருந்துச்சு. ஈரத்துணியால நல்லாத் தொடச்சிட்டுத்தான் பொட்டு வச்சேன்."

பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

டிஎன்ஏ கெட்டுப்போகவில்லை. அது இரண்டு நாள் பீரோவில் கிடந்தால் ஒன்றும் ஆகாது, கெடுவது புரதம்தான் என்று அவளே சொன்னாள். இரண்டில் எது எது என்று தெரியாமல் போனதுதான் சங்கடம். ஒன்று அசல் துண்டு. மற்றது மியூட்டன்ட், அதாவது புரதம் பிடிக்கிற இடத்தில் மட்டும் எழுத்தை மாற்றி வைத்த துண்டு. பார்க்க இரண்டும் தண்ணீர்.

தாய்மாமனுக்குக் கோபம் போய்விட்டது. திருட்டு இல்லை என்று தெரிந்ததும் வந்த வழியே போயிருக்கலாம். போகவில்லை. "ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கு, ஆளு வேற. அடையாளம் அழிஞ்சி போச்சு. அப்படித்தான தாயி? இப்படி எத்தனை கேசு பாத்திருப்பேன். என்ன செய்யப் போறன்னு வெவரமாச் சொல்லு."

அவள் சொன்னாள். கல்யாணத்திலிருந்து வந்தவரானதால் பந்தியை வைத்துச் சொன்னாள். புரதம் என்பது இலை. நூறு இலை போடவில்லை, கொஞ்சம்தான். ஹாட் என்பது பளபளவென்று பட்டுச் சட்டை போட்ட விருந்தாளி. தூரத்திலிருந்து பார்த்தால் அவன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவான்.

"கோல்டுன்னா அதே குடும்பத்து ஆளு, வெள்ளச் சட்ட. ஒரு பட்டுச் சட்டைக்கு நூறு வெள்ளச் சட்டய உள்ள விடுதேன். என்ன ஆவும்?"

"வெள்ளச் சட்டக்காரன் பூரா உக்காந்திருவான். பட்டுச் சட்டைக்கு எல கெடைக்காது."

"ஆமா. அப்ப பந்தியில பட்டுச் சட்ட தெரியாது. மேல உள்ள பட்ட காணாமப் போயிரும். அது அசல் கோல்டு. மியூட்டன்ட் கோல்டுன்னா..."

"அடுத்த மண்டபத்துக்கு வந்தவன்," என்றார் தாய்மாமன். "நூறு பேரு வந்தாலும் எலயில உக்கார வுட மாட்டோம். நம்ம பட்டுச் சட்டக்காரன் பாட்டுக்குத் திங்கலாம்."

"அப்ப பட்ட அப்படியே இருக்கும்."

"அந்த அடுத்த மண்டபத்துக்காரனுக்கே பட்டுச் சட்ட போட்டு அனுப்பினா?"

பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதயும் வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஹாட் மியூட்டன்ட். அது தனியா ஈயப்பெட்டியில இருக்கு, எழுத்து அழியல. அதுக்கு எல கெடைக்கக் கூடாது. பட்ட விழக் கூடாது."

கிளார்க் கேட்டார். "எங்க கல்யாணத்துல யாரும்மா அடுத்த மண்டபத்துக்காரன்?"

"நீருதான்வே," என்றார் தாய்மாமன்.

பெண் எழுந்தாள். பொட்டு ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கிளார்க்கின் விரலில் சந்தனம் தீர்ந்துபோய் இரண்டாவது சிறுத்திருக்கிறது. அதையே பெயராக வைத்துக்கொண்டாள். பெரிய பொட்டு, சின்னப் பொட்டு. ஜெல்லில் ஐந்து தடம். முதல் தடம் ஹாட் மட்டும், சாறு இல்லாமல். இரண்டாவது ஹாட்டும் சாறும். மூன்றாவது அதோடு சின்னப் பொட்டு. நாலாவதில் சின்னப் பொட்டுக்குப் பதில் பெரிய பொட்டு. ஐந்தாவது ஹாட் மியூட்டன்டும் சாறும். கோல்டை முதலில் சாற்றோடு விட்டு, அப்புறம்தான் ஹாட்டைச் சேர்த்தாள்.

ஹாட் வேலை நடக்கும்போது எங்கள் யாரையும் அவள் அறைக்குள் விடவில்லை. தடித்த கண்ணாடி மாதிரி ஒரு தட்டிக்குப் பின்னால் நின்று செய்வாள். கையில் உறை. பக்கத்தில் ஒரு பெட்டி, கதிரைக் கண்டால் கிர் கிர் என்று சத்தம் போடும். தாய்மாமன் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். "வயர்லெஸ் மாதிரி இருக்கு," என்றார்.

குளிர்ந்த அறையில் இரண்டு மணி நேரம் ஜெல் ஓடியது. சீசன். லாட்ஜ் எல்லாம் நிரம்பிக் கரண்டு தள்ளாடும். அன்றைக்குத் தள்ளாடவில்லை. ஜெல்லைக் காகிதத்தில் ஒட்டிக் காயவைத்து, பிலிமோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்தாள். காலையில்தான் திறக்கலாம்.

"அப்ப ராத்திரி தங்குதோம்," என்றார் தாய்மாமன்.

"மாமா, மறுவீடு..." என்றார் கிளார்க்.

"குத்தாலம் வந்துட்டுக் குளிக்காமப் போனா ஊருல சிரிப்பாங்க. வாரும்."

கிளார்க்கையும் கையோடு கூட்டிக்கொண்டு அருவிக்குப் போனார். கையோடு கூட்டிக்கொண்டு என்பது சரி. அருவியிலும் கையை விடவில்லையாம்.

அவர்கள் போன பிறகு பெண் இன்னொரு வேலை செய்தாள். பட்டை தெரிந்த பிறகு, மறைந்ததுதான் அசல் என்று பெயர் வைத்தால் பரீட்சைக்காரர் விட மாட்டார். விடைக்கேற்ற மாதிரி பெயரா என்பார். நல்ல வேளையாக மியூட்டன்டில் எழுத்து மாறின இடத்தில் ஒரு நொதி சரியாக வெட்டும். அசலை அது வெட்டாது. இரண்டு டியூபிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அந்த நொதியைப் போட்டு ஒரு சின்ன ஜெல் ஓட்டினாள். ஒன்று முழுசாக இருந்தது. ஒன்று துண்டாகி இருந்தது. இப்போது எது எது என்று அவளுக்குத் தெரியும்.

எனக்கும் சொன்னாள். "அக்கா, பெரிய பொட்டுதான் மியூட்டன்ட். அப்படின்னா நாலாவது தடத்துல பட்ட இருக்கணும். மூணாவதுல இருக்கக் கூடாது. மாறி இருந்தா நான் இலத்தூர் போறேன்."

"சரி," என்றேன்.

காலையில் அவர்கள் அருவியிலிருந்து நேரே வந்தார்கள். இரண்டாம் குளியல். கிளார்க்கின் பட்டு வேட்டி நனைந்து காய்ந்து சுருங்கி முழங்காலுக்கு வந்திருந்தது.

பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குப் போனாள். தாய்மாமன் பின்னாலேயே போனார்.

"தாயி, எதுல பட்ட இருக்கணும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"எங்கிட்டச் சொல்லாத. இவனுக்கும் சொல்லாத. அடையாள அணிவகுப்புல சாட்சிக்கு ஆளக் காட்டிக் குடுக்கக் கூடாது. நான் பாத்துச் சொல்லுதேன். நீ ஆசப்பட்டுப் பாப்ப. எனக்கு ஆச கெடையாது."

அவள் யோசித்தாள். பிறகு கதவைத் திறந்துவிட்டாள். கிளார்க் தனியாக வெளியே நிற்கமாட்டேன் என்றார். குரங்கு இருக்கிறதாம். நான் கதவை மூடிக் கீழே துணியை அடைக்க உள்ளே போனேன். அப்படித்தான் நாலு பேர் ஆனோம்.

சிவப்பு விளக்கு. பிலிமை முதல் தொட்டியில் விட்டாள். ஆட்டினாள். எல்லாரும் குனிந்தோம். நாலு தலையும் முட்டிக்கொண்டன. கிளார்க்கின் தலையில் இன்னும் அருவித் தண்ணீர் இருந்தது.

"மருந்துல சொட்டாதீரும்வே," என்றார் தாய்மாமன்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கீழ்ப்பக்கம் லேசாகக் கறுத்தது.

"ஒண்ணு... ரெண்டு... கீழ அஞ்சு இருக்கு தாயி. அஞ்சு தடத்துலயும்."

"அது எல கெடைக்காம ஓடி வந்தது. அது எப்பவும் இருக்கும். மேல பாருங்க."

அவள் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பிலிமை ஆட்டினாள். வென்டிலேட்டரில் கட்டின கறுப்புத் துணியைக் குரங்கு வெளியிலிருந்து பிடித்து இழுத்தது. நான் எட்டி அதைப் பிடித்துக்கொண்டேன். நானும் இழுத்தேன், அதுவும் இழுத்தது. ஒரு நூல் வெளிச்சம் வந்தால் பிலிம் பாழ். விடவில்லை. அதனால் பிலிமை நான் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டேன்.

இரண்டாம் தொட்டி. மூன்றாம் தொட்டி. வினிகர் வாடை.

"சொல்லுங்க அண்ணாச்சி."

தாய்மாமன் கோர்ட்டில் நிற்கிற குரலில் சொன்னார். "மொத தடம். மேல ஒண்ணும் இல்ல."

"சரி."

"ரெண்டாவது. இருக்கு. நல்லாக் கருகருன்னு இருக்கு."

"ம்."

"மூணாவது."

நின்றுவிட்டார். பிலிமுக்கு இன்னும் குனிந்தார். மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"மாமா, சொல்லுங்க மாமா," என்றார் கிளார்க். "நான் வச்ச பொட்டு."

"பொறும்வே. மூணாவதுல இல்ல. சுத்தமா இல்ல."

"அடுத்தது?" என்றாள் பெண். 

"நாலாவது. இருக்கு. ரெண்டாவது எப்படி இருக்கோ அப்படியே இருக்கு. அஞ்சாவது. இல்ல."

"சரியாப் பாத்தீங்களா?"

"சட்டைய மாத்தி அனுப்பினாலும் அடுத்த மண்டபத்துக்காரனுக்கு எல கெடைக்கல தாயி."

அவள் அப்போதுதான் திரும்பினாள். பிலிமைத் தண்ணீரில் அலசி விளக்குக்கு நேரே தூக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். குரங்கு துணியை விட்டுவிட்டது.

"அக்கா, லைட்டப் போடுங்க," என்றாள்.

போட்டேன். அவள் முகம் நனைந்திருந்தது. கிளார்க்கின் முகமும் நனைந்திருந்தது, அது அருவி. அவர் பிலிமை எட்டிப் பார்த்தார்.

"ஆக மொத்தம், மேல எத்தனம்மா?"

பெண் எண்ணினாள். தாய்மாமன் எண்ணினார். நானும் எண்ணினேன். அவள் எனக்குச் சொல்லியிருந்தபடியே, இரண்டாவதில் ஒன்று, நாலாவதில் ஒன்று.

இரண்டு.